ரிப்போர்ட்டில் ‘நான்-டிப்பர்’ என்று வந்தால்: 24 மணி நேர பிபி கருவியும் ராத்திரி அழுத்தமும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பத்து வருஷமாக சுகர், ஆறு வருஷமாக பிபிக்குக் காலையில் ஒரு மாத்திரை. கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் 130/80தான். போன வாரம் கையில் பட்டை கட்டி 24 மணி நேரம் பிபி பார்க்கும் மெஷின் போட்டார்கள். பகல் சராசரி 131/79, ராத்திரி சராசரி 128/75, கீழே ‘நான்-டிப்பர்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் மேலும் சில டெஸ்ட் எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஓரளவு நன்றாகவே தூங்கினார், குறட்டை சத்தம் கேட்டது, மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார். இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது, ராத்திரி பிபி இறங்காவிட்டால் என்ன அர்த்தம், மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்:

‘நான்-டிப்பர்’ என்றால் ராத்திரி பிபி போதிய அளவு இறங்காதவர். அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அதே தாளில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ராத்திரி சராசரி 128/75. இந்தக் கருவியில் பகல் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும், தூங்கும் நேரச் சராசரி 120/70க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் வைத்திருக்கும் அளவு, நம் ஊரிலும் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறோம். (அமெரிக்க அளவு இன்னும் கறாரானது, ராத்திரிக்கு 110/65.) ஆக அப்பாவுக்குப் பகலில் பிபி கட்டுப்பாட்டில் இருக்கிறது, ராத்திரியில் இல்லை. கிளினிக்கில் எப்போதும் 130/80 வந்ததற்கும் இதற்கும் முரண்பாடு எதுவும் கிடையாது, ஏனென்றால் கிளினிக் பகலில்தான் திறந்திருக்கிறது. அங்கே எத்தனை தடவை பார்த்திருந்தாலும் இது தெரிய வந்திருக்காது. உங்கள் டாக்டர் இந்த டெஸ்ட் எழுதியதும், அதைப் பார்த்துவிட்டு மேலே சில டெஸ்ட் எழுதியதும் சரியான காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். நான் பொது மருத்துவம் பார்ப்பவன், சுகர், பிபி நோயாளிகள்தான் என்னிடம் அதிகம், இந்தக் கருவியை வருஷக்கணக்காகப் போட்டுப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். டாக்டர் கையில் பட்டை கட்டி ஸ்டெத் வைத்துக் கேட்கிற சத்தத்தை இது கேட்பதில்லை. பட்டையில் காற்றை ஏற்றி ரத்தக் குழாயை முழுசாக அமுக்கிவிட்டு, அப்புறம் காற்றைப் படிப்படியாக விடுகிறது. ஒவ்வொரு படியிலும் நாடி துடிக்கும்போது பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஒரு சின்ன அதிர்வு வரும். அழுத்தம் குறையக் குறைய அந்த அதிர்வு பெரிதாகி, ஓர் இடத்தில் உச்சம் தொட்டு, மறுபடி சிறிதாகிவிடும். உச்சம் தொட்ட இடத்தில் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம்தான் ரத்தக் குழாயின் சராசரி அழுத்தம். மெஷின் நேரடியாகக் கண்டுபிடிப்பது அந்த ஒன்றைத்தான். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அந்த அதிர்வுகள் எப்படி ஏறி இறங்கின என்பதை வைத்து, கம்பெனி உள்ளே வைத்திருக்கும் ஒரு கணக்கின்படி போட்டுத் தருகிறது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், எங்கே தப்பு வரும் என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். அது தேடுவது காற்றில் வரும் மிகச் சின்ன அதிர்வு என்பதால், அந்த நேரத்தில் கையை ஆட்டினாலோ, பைக் ஓட்டினாலோ, கையில் பை தூக்கினாலோ அந்த ஆட்டமும் அதிர்வாகக் கலந்துவிடும். மெஷின் பிழை என்று காட்டிவிட்டு ஓரிரு நிமிஷத்தில் மறுபடி காற்று ஏற்றும். அதனால்தான் பட்டை இறுகும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் அதிர்வு மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கருவியின் எண்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டையின் அளவும் முக்கியம். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாக வரும். மேல் கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் பட்டையை எடுக்க வேண்டும். அப்பாவுக்கு அளந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வழக்கமாக, எழுதும் கைக்கு எதிர்க் கையில் கட்டி, சின்னப் பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்டி அனுப்புவோம். பகலில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரியில் 30 முதல் 60 நிமிஷத்துக்கு ஒரு தடவை காற்று ஏறும். திரையில் எண் தெரியாமல் மறைத்து வைப்பதும் உண்டு, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்துப் பதற்றப்பட்டால் அடுத்த எண் ஏறிவிடும் என்பதற்காக. மறுநாள் பெட்டியைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் இணைத்தால் நாற்பது ஐம்பது எண்களும் ஒரு கோட்டுப் படமும் கிடைக்கும். எடுக்க வேண்டிய அளவுகளில் குறைந்தது 70 சதவீதமாவது பிழையில்லாமல் பதிவாகியிருக்க வேண்டும், பகலில் 20, தூக்கத்தில் 7 நல்ல அளவுகளாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. உங்கள் கையில் இருக்கும் தாளின் கடைசிப் பக்கங்களில் நேர வாரியாக ஓர் அட்டவணை இருக்கும். பெரும்பாலானோர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் எப்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, ராத்திரி ஏன் இறங்க வேண்டும்? தூங்கும்போது நம்மைப் பரபரப்பாக வைத்திருக்கும் சிம்பதடிக் நரம்புகள் அடங்குகின்றன, நாடி குறைகிறது, சின்ன ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. அதனால் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. இதைச் செய்வது பெரும்பாலும் தூக்கம்தான், கடிகாரம் அவ்வளவாக இல்லை. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கு அந்தப் பகல் தூக்கத்தில்தான் பிபி இறங்கும். மதியத் தூக்கத்திலும் இறங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

‘டிப்பர்’, ‘நான்-டிப்பர்’ என்ற பெயர்களை வைத்தவர்கள் அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஓயின் ஓ’பிரையனும் அவருடன் வேலை செய்தவர்களும், 1988இல். ராத்திரி இறங்காதவர்களிடையே பக்கவாதம் வந்தவர்கள் அதிகம் இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். அப்புறம் ஜப்பானில் ஒஹாசாமா என்ற ஊரில் பொதுமக்களுக்கே இந்தக் கருவியைக் கட்டிப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ராத்திரி இறக்கம் ஒவ்வொரு 5 சதவீதம் குறையும்போதும் இதய, ரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று 2002இல் சொன்னார்கள். 24 மணி நேரச் சராசரி பிபி நார்மலாக இருந்தவர்களிடமும் இந்தத் தொடர்பு இருந்தது. அப்பா விஷயத்தில் இதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வேன்.

அப்பாவின் கணக்கு இது: மேல் எண்ணில் 131லிருந்து 128, மூன்று புள்ளி இறக்கம், சதவீதமாகப் பார்த்தால் 2.3. கீழ் எண்ணில் 79லிருந்து 75, அதாவது 5 சதவீதம். பத்துக்குக் கீழே என்பதால் மெஷின் ‘நான்-டிப்பர்’ என்று அச்சடித்துவிட்டது. ராத்திரி எண் பகலைவிட ஏறியிருந்தால் ‘ரிவர்ஸ் டிப்பர்’ என்று வந்திருக்கும், அது இன்னும் கவலைக்குரியது. 20 சதவீதத்துக்கு மேல் இறங்குவதும் எப்போதும் நல்லதல்ல, முக்கியமாக மாத்திரை அதிகமாகிவிட்ட வயதானவர்களுக்கு.

ஆனால் இந்தச் சதவீதம் பொய் சொல்லக்கூடியது. என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். மளிகைக் கடை வைத்திருப்பவர், ஐம்பதுகளின் பிற்பகுதி வயது. வேறோர் இடத்தில் கருவி போட்டு ‘நான்-டிப்பர்’ என்று வந்து, பயந்துபோய் என்னிடம் வந்தார். பகல் சராசரி 136, ராத்திரி 126 (மேல் எண்ணை மட்டும் சொல்கிறேன்), இறக்கம் 7 சதவீதம் சொச்சம். அட்டவணையைப் பிரித்தேன். மெஷினில் ராத்திரி என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள், மணிக்கு ஒரு தடவை அளவு. எட்டு எண்கள் இருந்தன: 10 மணிக்கு 142, 11 மணிக்கு 138, 12க்கு 122, 1க்கு 118, 2க்கு 116, 3க்கு 117, 4க்கு 120, 5க்கு 135. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்டேன். கடையைச் சாத்தி, கணக்குப் பார்த்து, சாப்பிட்டுப் படுக்க பதினொன்றரை ஆகும் என்றார். எழுந்தது நாலரைக்கு, மார்க்கெட்டுக்குப் போக. அதாவது ராத்திரி என்று மெஷின் எடுத்த எட்டில் மூன்று அவர் விழித்திருந்த நேரம். அதோடு மதியம் 2 முதல் 4 வரை கடையை மூடிவிட்டுத் தூங்குவது அவருக்கு வழக்கம், அப்போது பதிவான நான்கு அளவுகளின் சராசரி 120. அவை பகல் கணக்கில் சேர்ந்து பகல் சராசரியைக் கீழே இழுத்திருந்தன.

மதியத் தூக்கத்தை எடுத்துவிட்டு, விழித்திருந்த அந்த மூன்றையும் பகலில் சேர்த்துக் கணக்குப் போட்டால் விழிப்பு நேரச் சராசரி 138, தூக்க நேரச் சராசரி 119. இறக்கம் கிட்டத்தட்ட 14 சதவீதம். அவர் நன்றாகவே இறங்குகிறார்! அவருடைய உண்மையான பிரச்சினை விழித்திருக்கும்போது 138 இருப்பது, அதாவது பகல் பிபி. தூக்கத்தில் மிஞ்சிய அளவுகள் ஐந்துதான், ஏழு இல்லை. அதனால் என் கணக்கையும் முழுசாக நம்பாமல், ராத்திரியில் அரை மணிக்கு ஒன்று என்று வைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி கட்டினோம். அதிலும் இறக்கம் இருந்தது.

எனவே அப்பாவின் ரிப்போர்ட்டில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அன்றைக்கு அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், மதியம் தூங்கினாரா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்த நேரங்களை அட்டவணையோடு ஒப்பிடுவது. சிறுநீர் கழிக்க எழுந்த மூன்று நேரமும் ஞாபகம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், எழுந்து நடந்த உடனே எடுத்த அளவு உயர்ந்துதான் இருக்கும். கட்டும்போதே ஒரு டைரித் தாள் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் யாரும் நிரப்புவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அந்தத் தாள் இல்லாமல் ‘டிப்பர்’, ‘நான்-டிப்பர்’ என்று பிரிப்பதில் பாதி ஊகம்தான்.

இன்னொரு விஷயம் படுக்கும் விதம். பட்டை கட்டிய கை மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தால் கை இதயத்தைவிட உயரத்தில் இருக்கும், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 7, 8 புள்ளி குறைவாகக் காட்டும். அந்தக் கையின் மேலேயே படுத்துவிட்டால் பட்டை நசுங்கிப் பிழைகளாக வரும். பட்டை இறுகும்போதெல்லாம் விழித்துக்கொண்டே இருப்பவருக்கு இறக்கம் குறைவாகத் தெரியும். இந்தக் காரணங்களால் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போட்டால் ஒரு தடவை ‘டிப்பர்’, ஒரு தடவை ‘நான்-டிப்பர்’ என்று வருவது சகஜம். ராத்திரி சராசரி அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே சதவீதத்தை ஒதுக்கிவிட்டு 128/75ஐப் பாருங்கள் என்றேன். ஓரளவு நன்றாகத் தூங்கினார் என்று நீங்களே சொல்கிறீர்கள், நேரங்களும் ஒத்துவந்தால் இதை நிஜமான ராத்திரி அழுத்தம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிஜம் என்றால் காரணம் தேட வேண்டும். உங்கள் கேள்வியிலேயே மூன்று காரணங்களுக்கான தடயங்கள் இருக்கின்றன: பத்து வருஷ சுகர், குறட்டை, ராத்திரி மூன்று தடவை எழுவது.

முதலில் சிறுநீரகம். நாம் சாப்பிடும் உப்பைச் சிறுநீரகம் பகலிலேயே பெரும்பாலும் வெளியேற்றிவிட வேண்டும். சுகரால் அது பழுதுபட ஆரம்பித்தால், பகலில் தள்ள முடியாத உப்பு உடம்பில் தங்கும். அதைத் தள்ள சிறுநீரகத்துக்கு அழுத்தம் தேவை, அதனால் ராத்திரியிலும் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது, அந்த அழுத்தத்தில் உப்பும் தண்ணீரும் ராத்திரியில் வெளியேறுகின்றன. ராத்திரி சிறுநீர் கழிக்க எழுவதும் இறங்காத பிபியும் பல பேரிடம் ஒன்றாகவே வருவதற்கு இது ஒரு காரணம். நான் இதை நம்புவதற்குக் காரணம் ஜப்பானில் 1990களில் செய்த ஒரு பரிசோதனை: ராத்திரி இறங்காதவர்களுக்கு உப்பைக் கடுமையாகக் குறைத்துக் கொடுத்தபோது ராத்திரி இறக்கம் திரும்பி வந்தது, ஏற்கனவே இறங்குகிறவர்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. உப்பு வெளியேற்றும் மாத்திரைகளும் அதே போல் உதவின.

இதற்கான டெஸ்ட் எளிது, விலையும் குறைவு. காலைச் சிறுநீரில் ஆல்புமினும் கிரியாட்டினினும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது ஒன்று, ரத்தத்தில் கிரியாட்டினின் இன்னொன்று. ரத்தக் கிரியாட்டினின் மட்டும் பார்த்து ‘கிட்னி நார்மல்’ என்று விட்டுவிடக் கூடாது, சிறுநீரில் ஆல்புமின் கசிவது அதற்கு வருஷக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். டாக்டர் எழுதிய டெஸ்ட்களில் அநேகமாக இது இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். சாப்பாட்டில் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, ராத்திரி மோர் சாதத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். கருவாடு, வடகம், மோர் மிளகாய் எல்லாம் இதே கணக்கில்தான்.

அடுத்தது குறட்டை. வெறும் குறட்டையா, குறட்டை நடுவே திடீரென்று நின்று, பத்து இருபது விநாடி அமைதி, அப்புறம் ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்புகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது வகை என்றால் அது தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா. தொண்டை மூடிக்கொண்டு ஆக்சிஜன் குறையும்போது மூளை உடம்பை உசுப்பி எழுப்புகிறது, தூக்கத்தில் அடங்கியிருக்க வேண்டிய சிம்பதடிக் நரம்புகள் அந்தக் கணத்தில் பாய்ந்து வேலை செய்கின்றன, பிபி எகிறுகிறது. ஒரு ராத்திரியில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை அளக்கும் கருவி அந்த எகிறல்களில் பலவற்றைத் தவறவிடும், ஆனால் மொத்தத்தில் ராத்திரி சராசரி இறங்காமல் இருப்பது தெரியும். ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இதில் உண்டு. காலையில் தலைவலி, பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கி விழுவது, தடித்த கழுத்து இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதை உறுதி செய்ய ஸ்லீப் ஸ்டடி வேண்டும், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் வகையும் இருக்கிறது. இது இருந்தால் ராத்திரியில் காற்றழுத்தக் கருவி மாட்டித் தூங்குவது சிகிச்சை. அதனால் பிபி சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் குறையும், அதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திவிட முடியாது. ஆனால் பகல் தூக்கக் கலக்கம் போய் ஆள் தெளிவாகிவிடுவார்.

மூன்றாவது, பலரும் பார்க்க மறப்பது, சுகரால் தானியங்கி நரம்புகள் கெடுவது. பாதம் மரத்துப்போவதுபோல, இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் போகும் நரம்புகளும் மரத்துப்போகும். அப்படி ஆனவர்களுக்கு படுத்தால் பிபி ஏறும், நின்றால் விழும். ரிப்போர்ட்டில் பிபிக்குப் பக்கத்திலேயே நாடித் துடிப்பும் அச்சாகியிருக்கும். பகலில் 88, தூக்கத்தில் 86 என்பதுபோல நாடியும் இறங்காமல் ஒரே மாதிரி இருந்தால் நான் உடனே இதை நினைப்பேன். (மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது.) இதை வீட்டிலேயே பார்க்கலாம். அப்பாவை ஐந்து நிமிஷம் படுக்க வைத்து பிபி எடுங்கள், எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் எடுங்கள், அவர் விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். அவர் ராத்திரிக்கு மாத்திரை கூட்டும் முன்னால் இது தெரிந்திருப்பது அவசியம், ஏனென்றால் இந்த வகை ஆளுக்கு ராத்திரி பிபியை மாத்திரையால் இறக்கினால், ராத்திரி மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றிக் கீழே விழுந்துவிடுவார். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை தவிர மாத்திரைகளையும் ஒரு பார்வை பாருங்கள். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி எதையாவது மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா? ஸ்டீராய்டு உண்டா? இரண்டும் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். டாக்டரிடம் இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய, அதை மருந்து என்றே அவர்கள் எண்ணுவதில்லை.

இனி, மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா என்ற கேள்வி. சில வருஷங்களுக்கு முன் ஸ்பெயினில் செய்த ஓர் ஆய்வு, ராத்திரி சாப்பிட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் பெருமளவு குறைகின்றன என்று சொன்னது. நம் ஊரிலும் பலர் ராத்திரிக்கு மாறினார்கள். அந்த ஆய்வின் நடைமுறை பற்றிக் கேள்விகள் எழுந்தன. அப்புறம் பிரிட்டனில் 21 ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த டைம் என்ற ஆய்வு 2022இல் வெளிவந்தது. காலையில் சாப்பிட்டவர்களுக்கும் ராத்திரி சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதிலும் வித்தியாசம் இல்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அது பிபி உள்ள எல்லாரையும் சேர்த்து எடுத்த ஆய்வு, ராத்திரி இறங்காதவர்களை மட்டும் பிரித்து எடுத்தது அல்ல. அதனால் அப்பா மாதிரி ஒருவருக்கு மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அது முதல் வழி கிடையாது, நீங்களாகவே மாற்றவும் வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் சாப்பிடும் மாத்திரை எது, 24 மணி நேரம் நிற்கிறதா என்பது. நீங்கள் பெயர் எழுதவில்லை. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மாதிரி நீண்ட நேரம் நிற்கும் மருந்துகளுக்கு எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. லோசார்டன், எனலாபிரில் போன்றவை காலையில் ஒரு தடவை மட்டும் சாப்பிட்டால் சிலருக்கு விடியற்காலைக்குள் தீர்ந்துவிடும். அட்டவணையில் நள்ளிரவு வரை ஓரளவு இறங்கி, 3 மணிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மருந்து தீர்ந்துபோவதாக இருக்கலாம். படுத்ததிலிருந்து எழும்வரை ஒரே மட்டத்தில் நின்றால் நான் மேலே சொன்ன காரணங்களைத் தேடுவேன். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையாக இருந்தால் அதை ராத்திரிக்கு மாற்றவே வேண்டாம், இப்போதே மூன்று தடவை எழுகிறார்.

மருந்திலோ உப்பிலோ மாற்றம் செய்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இதே கருவியை மறுபடி கட்டச் சொல்லுங்கள். அந்தத் தடவை மெஷினில் ராத்திரி நேரத்தை அப்பா உண்மையாகப் படுக்கும் நேரத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள், ராத்திரியில் அரை மணிக்கு ஒன்று என்று கேளுங்கள், படுத்த நேரம், எழுந்த நேரம், மதியத் தூக்கம், மாத்திரை சாப்பிட்ட நேரம் நான்கையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் ராத்திரி சராசரி 120/70க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். அது வந்துவிட்டால், கீழே மறுபடி ‘நான்-டிப்பர்’ என்றே அச்சாகியிருந்தாலும் நான் மருந்தைக் கூட்ட மாட்டேன்.